யானைக்கால் நோய்: வீக்கம் எங்கிருந்து வருகிறது?

யானைக்கால் நோய் பற்றி வெவ்வேறு பேர் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை.

கொசுக்கடி வழியாக உடலுக்குள் வரும் புழுக்கள் நிணநீர்க் குழாயை அடைத்துக்கொள்வதால்தான் கால் வீங்குகிறது. சரிதானே ஐயா?

பாதி சரி. பெண் புழு நூல் போல மெலிந்தது, எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் நீளம். உயிரோடு இருக்கும்வரை அது குழாயை அடைப்பதைவிட அகலப்படுத்துவதே அதிகம். விதைப்பையை அல்ட்ராசவுண்டில் பார்த்தால், விரிந்த குழாய்க்குள் புழுக்கள் ஓயாமல் நெளிவது தெரியும். குழாய் விரிந்தால் உள்ளிருக்கும் வால்வுகள் பொருந்தி மூடுவதில்லை. மேலே ஏற வேண்டிய நிணநீர் கீழேயே தேங்குகிறது. இத்தனை நடந்தும் பல ஆண்டுகள் வலி இருக்காது, ஏனென்றால் உயிருள்ள புழு நம் எதிர்ப்பாற்றலை மட்டுப்படுத்தி வைக்கிறது.

அப்படியானால் நெறி கட்டுவது எதனால்?

புழு சாகும்போது. அதன் உடலுக்குள் வாழும் வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவும் அப்போது வெளிப்பட்டு எதிர்ப்பாற்றலைச் சீண்டுகிறது. புழு செத்த இடத்தில் வீக்கம் கண்டு, சிவந்த கோடு தொடையிலிருந்து கீழ்நோக்கி இறங்கும். பெரும்பாலும் சில நாட்களில் தானாகவே அடங்கிவிடும்.

என் அம்மாவுக்கு ஆண்டுக்கு நான்கு முறை குளிர்காய்ச்சலோடு கால் சிவந்து எரிகிறது. இரவில் எடுத்த ரத்தத்தில் புழு இல்லையாம். வேறு நோயா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. கால் வீங்கிய நிலையில் பலருக்கு ரத்தத்தில் புழுக்குஞ்சுகள் தென்படுவதில்லை. சிவப்பு பாதத்தில் தொடங்கி மேலே ஏறுகிறதா என்று கவனியுங்கள். ஏறினால் அது பாக்டீரியாவின் வேலை. சுண்டுவிரலை மெல்ல விலக்கிப் பாருங்கள். இடுக்கில் தோல் வெளுத்து, ஊறி, வெடித்திருந்தால் கிருமி நுழைந்த வாசல் அதுதான். தேங்கிய நிணநீரில் கிருமி எளிதில் பெருகும். ஒவ்வொரு காய்ச்சலும் குழாய்களில் தழும்பு விட்டுச் செல்கிறது. தோலடித் திசு நார்நாராகத் தடிக்கிறது. காலையில் வடிந்துவந்த வீக்கம் வடியாமல் போவது இப்படித்தான். காய்ச்சல் வந்த அன்றே மருத்துவரிடம் காட்டி ஆன்டிபயாடிக் கேளுங்கள். மற்ற நாட்களில் சோப்பு போட்டு மென்மையாகக் கழுவி, இடுக்குகளை ஒற்றித் துடையுங்கள். இடுக்கில் புண் இருந்தால் பூஞ்சையைக் கொல்லும் களிம்பு தடவுங்கள். டி.இ.சி. மாத்திரை புழுவைக் கொல்லுமே தவிர, தடித்த காலை இளைக்க வைக்காது.

வோல்பாக்கியாவைக் கொல்லும் டாக்சிசைக்ளினை ஆறு வாரம் கொடுத்தால் வீக்கமே குறையும் என்று கானா ஆய்வு காட்டியதே?

காட்டியது, 2012இல். ஆனால் பின்னர் வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகளில், கால் பராமரிப்பு மட்டும் பெற்றவர்களைவிடப் பெரிய மேன்மை தெரியவில்லை. இரு பிரிவினருமே ஓரளவு தேறினார்கள். மருந்தைவிடக் கழுவுதலுக்குத்தான் பலன் அதிகம் என்பது என் எண்ணம், விவாதம் முடிந்துவிடவில்லை.

அப்பாவின் காலை நான்தான் கழுவுகிறேன். எனக்கும் தொற்றுமா?

தொற்றாது. கொசுக்கடி வழியாகத்தான் பரவும், அதுவும் பல மாதங்கள் திரும்பத் திரும்பக் கடிபட்டால்தான். உங்கள் கையால் கழுவுவதே நல்லது. குனிந்து விரலிடுக்கைப் பார்ப்பது அவருக்குக் கடினம்.