மலையாளப் பலகைகளைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், பாதி எழுத்து தமிழ் மாதிரியே இருக்கிறது. தெரிந்த சொல்லை வைத்து அர்த்தம் எடுத்துக்கொள்ளலாமா?

கடைப் பலகை என்றால் தாராளமாக. 'ஞாயறாழ்ச அவதி' என்று பார்த்து, பாவம் ஞாயிற்றுக்கிழமை கஷ்டப்படுகிறார்கள் என்று நினைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை; அவதி என்றால் அங்கே விடுமுறை. ஆற்றங்கரைப் பலகையில் மட்டும் இந்த வேலை வேண்டாம்.

போன கோடையில் வால்பாறை, மலக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளி போனோம். சாலக்குடி ஆற்றோரம் வேன் நின்றதும் மச்சான் ஒரு பலகையைப் போட்டோ எடுத்து, பெரிதாக்கி எழுத்துக்கூட்டினார். அதில் இருந்தது 'புழயில் இறங்ஙருது'. 'புழ'வும் 'இறங்'கும் அவருக்குச் சிக்கிவிட்டன. "புழைன்னா ஆறு. ஆத்துல இறங்குற இடம்னு போட்டிருக்கான் மாப்ள" என்று பேன்ட்டை மடித்துவிட்டார். டீக்கடைக்காரர் கத்தியிருக்காவிட்டால் இறங்கியிருப்பார்.

விஷயம் வாலில் இருக்கிறது. 'அருது' என்று முடிந்தால் செய்யாதே என்று பொருள். 'துப்பருது', 'பார்க்கு செய்யருது', 'பூக்கள் பறிக்கருது' எல்லாம் இந்த ரகம். 'உக' என்று முடிந்தால் செய் என்பது: 'பதுக்கெ போகுக' என்றால் மெதுவாகப் போகவும். ஆக 'இறங்ஙுக', 'இறங்ஙருது' இரண்டிலும் நமக்குத் தெரிந்த பகுதி ஒன்றேதான், சொல்வது நேரெதிர். 'பாடில்ல' என்று முடிந்தாலும் தடைதான். 'புகவலி பாடில்ல' என்றால் புகைபிடிக்கக் கூடாது, அதை 'வந்தபாடில்லை' கணக்கில் படித்துவிடாதீர்கள்.

நம் கண் தடுக்குவதும் அந்த வாலில்தான். அவர்களுடைய 'ர' வெறும் வளைவு, நம்முடையதைப் போல் கால் கிடையாது. கடைசி 'த'வின் மேல் புள்ளியைத் தேடினால் கிடைக்காது, சின்னப் பிறை மாதிரி ஒரு கீற்றுதான் இருக்கும். போதாததற்கு, உகரக் குறியைத் தனியாகப் பிரித்தது 1971 எழுத்துச் சீர்திருத்தம். கையால் எழுதிய பலகைகளில் அது பழைய முறைப்படி எழுத்தோடு ஒட்டியே வரும். அதனால் ஒரு பலகையில் பார்த்த 'ரு' அடுத்த பலகையில் வேறு மாதிரி தெரியும்.

மலையாளம் தமிழின் பிள்ளையா தங்கையா என்று கமென்டில் ஆரம்பிக்க வேண்டாம், நான் அந்தச் சண்டைக்கு வரவில்லை. மச்சானையும் கிண்டல் செய்யவில்லை, அவர் எம்.ஏ. தமிழ். எனக்கு வயிற்றெரிச்சல் வேன்காரர் மேல்தான். இத்தனையும் நடக்கும்போது ஏசி போட்டுத் தூங்கிவிட்டு, ஊர் திரும்பியதும் வெயிட்டிங் சார்ஜ் தனி என்றார்.

உங்கள் போட்டோக்களில் வீட்டு கேட்டில் 'பட்டியுண்டு சூக்ஷிக்குக' என்று ஏதாவது இருந்தால், அங்கே பட்டி என்றால் நாய், 'சூக்ஷிக்குக' என்றால் ஜாக்கிரதை. அதை கேட்டருகே நின்று எழுத்துக்கூட்டாதீர்கள்.