‘5 மட்டுமே மீதம்’ என்று போடலாமா? இணையக் கடை நடத்தும் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஆஃபருக்கு நல்ல கவுண்ட்டவுன் வாசகம் ஒன்று தரவும்.

என்ன பொருள், என்றைக்கு முடிகிறது என்று ஒரு வரி கூட எழுதவில்லையே! முடியும் தேதியும் நேரமும்தான் வாசகம்.

கேள்வி: பக்கத்தைத் திறந்ததும் 15 நிமிட டைமர் ஓடுகிறது. சரிதானா?

ரிஃப்ரெஷ் செய்து பாருங்கள். மறுபடி 15-லிருந்து தொடங்கினால் அது பொம்மைக் கடிகாரம், எடுத்துவிடுங்கள். எல்லோருக்கும் ஒரே கெடு இருக்கட்டும். கெடு முடிந்தால் விலை ஏற வேண்டும்.

கேள்வி: 200 சட்டை இருக்கிறது. ‘5 மட்டுமே மீதம்’ என்று போட்டால் வேகமாக விற்குமா?

இந்தக் கேள்வி வராத பண்டிகையே இல்லை. இன்று 5 என்று பார்த்தவர் நாளை மறுநாள் வந்தாலும் அதே 5 இருக்கும். அப்புறம் நீங்கள் போடும் நிஜக் கெடுவையும் அவர் நம்ப மாட்டார். அவசரம் காட்டியே ஆக வேண்டுமா? 200-இல் 50-ஐ மட்டும் ஆஃபர் விலைக்கு ஒதுக்கி, ‘ஆஃபர் விலையில் 50, இதுவரை 38 விற்றுவிட்டது’ என்று எழுதுங்கள். ஐம்பதும் போனதும், திரும்பவும் சொல்கிறேன், விலை ஏற வேண்டும்.

நிஜமாகவே சரக்கு குறைந்தவர்களும் இதில் தப்பு செய்கிறார்கள். 40 சட்டை இருக்கிறது: பெரிய அளவு 28, நடுத்தரம் 9, சிறியது 3. பக்கத்தின் தலையில் ‘3 மட்டுமே’ என்று போட்டால் பெரிய அளவு தேடுபவருக்கு அது பொய். அளவைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் எண் தெரிய வேண்டும். நடுத்தரம் 9-இல் 4 யாருடைய கார்ட்டிலோ இருந்தால் மீதம் 5 என்று காட்டும். அவர்கள் பணம் கட்டாமல் போனால் எண் திரும்ப 9-க்கு ஏறும். பார்த்துக்கொண்டிருப்பவர் உங்களை மோசடிக்காரர் என்றே நினைப்பார். 10-க்குக் கீழே போனால் ‘குறைவாகவே உள்ளது’ என்று மட்டும் போடுவதே என் வழக்கம். அதே சரக்கைக் கடையிலும் விற்கிறீர்களா? பில் போட்டதும் இணையத்தில் குறையாவிட்டால் எண்ணே வேண்டாம். அடுத்த வாரம் புதுச் சரக்கு வருவதாக இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மின்னஞ்சலில் ஓடும் டைமர் படம் வைக்கலாமா?

வேண்டாம். சில மெயில் செயலிகள் படத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துவிடும். இரவில் திறப்பவருக்குக் காலை நேரமே தெரியும். தேதியை எழுத்தில் போடுங்கள்.

கேள்வி: ‘வாடிக்கையாளர் கேட்டதால் நீட்டிப்பு’ போடலாமா?

யார் கேட்டார்கள்?

கேள்வி: எங்களிடம் எப்போதும் ஒரே விலை. அவசரப்படுத்தக் காரணமே இல்லையே?

இருக்கிறது, டெலிவரி. பண்டிகை 20-ஆம் தேதி என்று வையுங்கள். பேக்கிங் ஒரு நாள், கூரியர் 3 நாள், நெரிசலுக்கு ஒரு நாள். 14-ஆம் தேதி மாலை 6 மணி வரை வரும் ஆர்டர் 15-இல் கிளம்பி 18-இல் சேரும், தாமதமானாலும் 19. ‘பண்டிகைக்கு முன் கிடைக்க 14 மாலை 6-க்குள் ஆர்டர் செய்யுங்கள்’ என்று போடுங்கள். 6:01-க்கு அந்த வரியை எடுத்துவிட்டு, ‘இனி வரும் ஆர்டர்கள் பண்டிகைக்குப் பிறகு கிடைக்கலாம்’ என்று மாற்றுங்கள்.