நுனி மெலிந்த இரும்புக் கை: எந்த அளவில் வாங்குவது?

கேள்வி: வாசலுக்கு மேல் 1.2 மீட்டர் நீட்டி பாலிகார்பனேட் ஷீட் போடுகிறோம். தாங்க நான்கு இரும்புக் கைகள், கைக்குக் கை இடைவெளியும் 1.2 மீட்டர். 10 மி.மீ. பிளேட்டை நெட்டாக நிறுத்தி, சுவர்ப் பக்கம் 100 மி.மீ., நுனியில் 25 மி.மீ. என்று சரிவாக வெட்டித் தருவதாகப் பட்டறைக்காரர் சொல்கிறார். கிலோ 130 ரூபாய். "நுனியில் பலம் தேவையில்லை சார், அங்கே இரும்பு வீண்" என்கிறார். நம்பலாமா? முழுக்க 100-லேயே போடச் சொல்லட்டுமா?

பதில்: முழுக்க 100 வேண்டாம். 25-ம் வேண்டாம். சுவரில் 100, நுனியில் 50 என்று கேளுங்கள்.

பட்டறைக்காரர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஒரு முனை மட்டும் சுவரில் பிடித்து நிற்கும் கையில் (கேண்டிலீவர் என்பது இதுதான்) வளைக்கும் திருப்புத்திறன், அதாவது பளுவையும் அது நிற்கும் தூரத்தையும் பெருக்கிய அளவு, நுனியில் பூஜ்யம், சுவரருகே உச்சம். ஆகவே நீளம் முழுக்க ஒரே ஆழத்தில் பிளேட் போட்டால் சுவரருகே உள்ள இரும்பு மட்டும்தான் முழு வேலை செய்யும். ஆனால் நுனியை நோக்கி ஆழத்தை எப்படிக் குறைக்கலாம் என்பது, கை எந்த மாதிரிப் பளுவைச் சுமக்கிறது என்பதைப் பொறுத்தது. உங்கள் பட்டறைக்காரர் போட்ட கணக்கு வேறொரு பளுவுக்குப் பொருந்தும். உங்கள் வாசலுக்குப் பொருந்தாது.

பிளேட் மாதிரித் திடமான செவ்வகக் குறுக்குவெட்டுக்கு வளைவுத் தகைவு, அதாவது வளையும்போது விளிம்பில் ஒரு சதுர மி.மீ. இரும்பின் மேல் விழும் விசை, σ = 6M / (b h²). M என்பது அந்த இடத்துத் திருப்புத்திறன், b பிளேட்டின் தடிமன், h மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்பு வரையுள்ள ஆழம். தடிமன் 10 மி.மீ. என்று மாறாமல் இருக்கிறது. எந்த இடத்தில் வெட்டிப் பார்த்தாலும் தகைவு ஒன்றாகவே இருக்க வேண்டுமானால், M கூடும் அளவுக்கு h² கூட வேண்டும். கவனியுங்கள், h அல்ல, h². எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

நுனியிலிருந்து அளக்கும் தூரத்தை x என்று வைத்துக்கொள்வோம். பளு P நுனியில் மட்டும் தொங்கினால் M = P x. அப்போது h² தூரத்துக்கு நேர்விகிதம். h தூரத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம். அதாவது h = h₀ √(x/L), இதில் h₀ சுவரருகே உள்ள ஆழம், L மொத்த நீளம். கீழ் விளிம்பு பரவளையமாக வரும்: நுனியருகே சட்டென்று பருத்து, சுவரை நெருங்க நெருங்க மெதுவாகக் கூடும். இந்த வடிவத்தை 1638-லேயே கலிலியோ எழுதிவைத்தார். எடையில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் என்றும் கணக்கிட்டார். மாறாக, பளு நீளம் முழுக்கச் சீராகப் பரவியிருந்தால் M = w x²/2. வர்க்கமூலம் எடுத்தால் h நேராக x-ஐப் பின்தொடரும். நுனியில் கூராக முடியும் ஆப்பு வடிவமே போதும். எடையில் பாதி மிச்சம்.

25 மி.மீ. நுனி அந்த ஆப்புக்குப் பக்கத்தில் வரும் வடிவம். பளு சீராகப் பரவியிருந்தால் அது தாராளமாகத் தாங்கும். உங்கள் கையில் எந்தப் பளு பெரிது? ஆள் நடமாட்டம் இல்லாத கூரைக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 75 கிலோ என்று இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 சொல்கிறது. 1.2 மீட்டர் இடைவெளியில் ஒரு கைக்கு 108 கிலோ. அது நடுவில், 0.6 மீட்டரில் நிற்பதாகக் கொண்டால் சுவரில் திருப்புத்திறன் 65 கிலோ × மீட்டர். இப்போது பெயின்டர் ஒருவர் வாளியோடு நுனியில் காலை வைக்கிறார், அல்லது இலை அடைத்த மழைநீர்க் கால்வாய் நுனியில் நிறைந்து நிற்கிறது. நுனியில் 100 கிலோ என்றால் சுவரில் 120 கிலோ × மீட்டர். கிட்டத்தட்ட இரு மடங்கு. இந்தியாவில் வாசல் கூரை போட்டவர் யாரும், அதன்மேல் ஒருநாளும் ஆள் ஏற மாட்டான் என்று எழுதித் தர முடியாது. ஆகவே நுனிப் பளுவுக்குத்தான் கணக்குப் போட வேண்டும்.

போட்டுப் பார்ப்போம். 100 கிலோவை 1000 நியூட்டன் என்று வைத்தால் சுவரில் M = 12,00,000 நியூட்டன்-மி.மீ. ஆழம் 100, தடிமன் 10 என்றால் தகைவு 72 நியூட்டன்/ச.மி.மீ. சாதாரண எம்.எஸ். இரும்பு 250-ல்தான் நிலையாக வளையத் தொடங்கும் என்பதால் 72 நல்ல, நிதானமான அளவு. இந்த 72 எங்கும் மீறாமல் இருக்கத் தேவையான ஆழம்: நுனியிலிருந்து 300 மி.மீ. தள்ளி 50, 600-ல் 71, 900-ல் 87, சுவரில் 100.

பட்டறைக்காரரின் 100–25 நேர்கோட்டை இதன் பக்கத்தில் வையுங்கள். 300-ல் 44 மி.மீ., 600-ல் 62, 900-ல் 81. இந்த மூன்று இடத்திலும் தேவையைவிடக் குறைவு. மோசமான இடம் நுனியிலிருந்து 400 மி.மீ.யில். அங்கே ஆழம் 50, தகைவு 96. சுவரில் உள்ளதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். நேர்கோடாகச் சரியும் எந்தக் கையிலும், நுனிப் பளு இருந்தால், ஆழம் நுனி ஆழத்தைப் போல இரு மடங்காகும் இடத்தில்தான் தகைவு உச்சம். அந்த இடம் கையின் நடுவில் எங்காவது விழுந்தால், இணைப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கை வேறெங்கோ சோர்ந்துபோகும். நுனி ஆழத்தைச் சுவர் ஆழத்தில் சரிபாதியாக வைத்தால் அந்த இடம் சரியாகச் சுவருக்கே போய்விடும். 50 என்று நான் சொல்வதன் காரணம் அதுதான். 100–50 நேர்கோடு பரவளையத்தைச் சுவரில் தொட்டுக்கொண்டு, மற்ற இடமெல்லாம் அதற்கு வெளியே நிற்கிறது.

பரவளையமாகவே வெட்டச் சொல்லலாமே என்று தோன்றும். அதன் எடை நேர்ப் பிளேட்டில் மூன்றில் இரண்டு பங்கு. 100–50 நேர்கோட்டின் எடை முக்கால் பங்கு. அந்தச் சிறு வித்தியாசத்துக்காக வளைவாக வெட்டிக் கிரைண்டர் போட வைப்பது கூலிக்கு ஆகாது. பரவளையம் நுனியில் பூஜ்யமாகிவிடும் என்பதும் உண்டு. மழைநீர்க் கால்வாயைப் பிடிக்கும் போல்ட்டுக்கு ஓட்டை போட அங்கே இடம் வேண்டும். 13 மி.மீ. ஓட்டையும் அதன் இருபுறமும் தேவையான இரும்பும் சேர்த்தால் 50-க்குப் பக்கத்தில் வந்துவிடும்.

காசைப் பார்ப்போம். நேர்ப் பிளேட் ஒரு கை 9.4 கிலோ. 100–50 என்றால் 7.1 கிலோ. நான்கு கைக்கும் சேர்த்து 9.4 கிலோ மிச்சம், சுமார் 1,225 ரூபாய். 50-லிருந்து 25-க்கு இறங்குவதால் கிடைக்கும் கூடுதல் மிச்சம் 610 ரூபாய்தான். பில்லில் இன்னொன்றையும் பாருங்கள்: சரிவாக வெட்டிய பிறகு எடை போடுகிறாரா, முழுப் பிளேட்டின் எடையைப் போடுகிறாரா? "வெட்டின துண்டு வேஸ்ட் சார்" என்ற பேச்சுக்கு இடமே இல்லை. 150 மி.மீ. அகலப் பட்டையில் ஒரு முனையில் மேலிருந்து 100-ம், மறுமுனையில் மேலிருந்து 50-ம் குறித்து, சுண்ணாம்புக் கோடு இழுத்து ஒரே வெட்டாக வெட்டினால் தலைகீழாக இரண்டு கைகள் கிடைக்கும். வெட்டு அகலம் தவிர எதுவும் வீணாகாது.

மெலிந்த கைக்கு ஒரு விலை உண்டு. இரும்பு முழுக்கச் சமமாக உழைப்பதால் அதிகமாகத் தாழும். நுனியில் 100 கிலோ வைத்தால் நேர்ப் பிளேட் 3.5 மி.மீ. தாழும், 100–50 கை சுமார் 5.7 மி.மீ., 100–25 கை சுமார் 8.7 மி.மீ. நுனி தாழ்ந்தால் ஷீட் வெளிப்பக்கமாகத்தான் சரியும், தண்ணீர் சுவரை நோக்கித் திரும்பாது. ஷீட் உட்கார மேல் விளிம்பு நேராக இருக்கட்டும். சரிவு கீழ் விளிம்பில் வரட்டும்.

இந்தக் கணக்கு திடமான பிளேட்டுக்கு மட்டும். பெட்டிக் குழாயை வெட்டிச் சரித்தால் சூத்திரமே மாறிவிடும். 10 மி.மீ. பிளேட் பக்கவாட்டில் மெலிந்தது என்பதால், கைகளை இணைக்கும் குறுக்குக் குழாய்கள் நுனியிலும் நடுவிலும் இருந்தே ஆக வேண்டும். மேலிருந்து பளு அழுத்தும்போது கீழ் விளிம்புதான் அமுங்கும். மேலே மட்டும் கட்டியிருந்தால் அது பக்கவாட்டில் நெளியும். கடைசிக் கையிலாவது கீழ் விளிம்புக்கு ஒரு சாய்வுத் துண்டு கேளுங்கள்.

என்னைக் கேட்டால் கையைவிடச் சுவர்தான் கவலை. மேல் போல்ட்டுக்கும், கையைச் சுவரில் பிடிக்கும் அடித்தட்டின் கீழ் விளிம்புக்கும் 110 மி.மீ. என்றால், அந்த 120 கிலோ × மீட்டர் திருப்புத்திறனைத் தாங்க மேல் வரிசைப் போல்ட்டுகள் சேர்ந்து சுமார் 1,100 கிலோ இழுவையைப் பிடிக்க வேண்டும். செங்கல்லில் அடித்த ஆங்கர் இதற்கு நிற்காது. லிண்டல் பீம் கான்கிரீட்டில் போல்ட் விழுகிறதா என்பதை ஓட்டை போடும்போதே நின்று பாருங்கள். சிவப்புத் தூள் வந்தால் அந்த இடம் செங்கல்.

கைகள் வந்து இறங்கியதும் டேப்பை எடுங்கள். நுனியிலிருந்து நீளத்தின் கால் பங்கு, அதாவது 300 மி.மீ. தள்ளி அளந்தால், ஆழம் சுவர்ப் பக்க ஆழத்தில் பாதிக்குக் குறையக் கூடாது. உங்களுக்கு அது 50. 100–50 கையில் 62 காட்டும், 100–25 கையில் 44-தான் காட்டும். மாட்டிய பிறகு, பெயின்ட் அடிக்கும் முன், கீழே யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டு, நுனியில் இரண்டு சிமென்ட் மூட்டை கட்டித் தொங்கவிடுங்கள். 50 கிலோ மூட்டை இரண்டு, சரியாக நாம் கணக்கிட்ட பளு. 6 மி.மீ.க்குள் தாழ்ந்து, இறக்கியதும் பழைய இடத்துக்குத் திரும்பினால் மீதிப் பணத்தைக் கொடுங்கள். அதைவிட அதிகம் தாழ்ந்தால், அல்லது திரும்பி வராவிட்டால், முதலில் சுவரில் போல்ட்டைத்தான் சோதிக்க வேண்டும்.