25 நாள் குஞ்சுகள், எச்சத்தில் இரத்தம் போகிறது. மருந்து கொடுத்தால் நிற்கிறது, பத்து நாளில் திரும்ப வருகிறது. என்ன செய்யலாம்?

நீங்கள் எந்த ஊர் என்று எழுதவில்லை. ஆனால் இந்த மாதத்தில் கேட்கிறபடியால் மாரி மழைக்குள்தான் குஞ்சு இறக்கியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அதே பிழையைச் செய்தவன். திருகோணமலையில், தம்பலகாமப் பக்கம், 200 முட்டைக்கோழிக் குஞ்சுகள். உமி இங்கே ஆலையடியில் தாராளமாகக் கிடைக்கும் என்பதால் நிலத்தில் உமி பரப்பித்தான் வளர்ப்பு. கூண்டில் வளர்த்தால் இந்த வருத்தமே வராது என்று எழுத வருகிறவர்களுக்கு: கூண்டில் கோழி எச்சத்தைக் கொத்தாது, உண்மைதான். கூண்டு வாங்கக் காசை யார் தருவது?

குஞ்சுகளுக்கு 24 நாள். ஒரு ஞாயிறு இரவு காற்றோடு மழை. கிழக்குப் பக்கத் தகரம் ஒன்று கிளம்பி, தூவானம் அடித்து, அந்தப் பக்க உமி முழுக்க நனைந்துவிட்டது. காலையில் பார்த்துவிட்டு, மேலால் இரண்டு உரப்பை காய்ந்த உமியைக் கொட்டி மூடினேன். பார்க்க அழகாக இருந்தது. வெள்ளிக்கிழமை புதுத் தீன் மூட்டை உடைத்தேன். ஞாயிறு காலை எச்சத்தில் இரத்தம், நாலைந்து குஞ்சு செட்டையைத் தொங்கப்போட்டு மூலையில் குந்திக்கொண்டு நிற்கிறது. நேரே தீன் கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். கடைக்காரரும் பயந்துபோய் ஒக்ஸிடெட்ராசைக்கிளின் பக்கெட்டும் பி விட்டமின் தூளும் சும்மா தந்துவிட்டார். இரண்டையும் தண்ணீரில் கரைத்து வைத்தேன். மூன்று நாளில் 19 குஞ்சு செத்தது.

நாலாம் நாள்தான் மிருக வைத்தியரிடம் செத்த குஞ்சு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். கத்தரிக்கோலால் வயிற்றைத் திறந்து, குடலின் கடைசிப் பக்கம் இரட்டையாகத் தொங்கும் குருட்டுக்குடலை விரலால் தூக்கிக் காட்டினார். மெல்லியதாக இருக்க வேண்டிய இரண்டும் வீங்கி, கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. கீறினார். உள்ளே உறைந்த இரத்தம். "தொடைச் சதையில் இரத்தப் புள்ளி இல்லை, ஆகவே கம்போரோ வைரஸ் நோய் இல்லை. இது இரத்தக் கழிச்சல், கொக்சிடியோசிஸ். தம்பி, போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு மழையில் உங்கட கொட்டில் நனைந்ததா?" என்று கேட்டார். நான் தீனைப் பற்றித்தான் சொல்லியிருந்தேன், மழையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அவர் போட்ட கணக்கை இன்றுவரை மறக்கவில்லை. இது ஐமீரியா என்ற ஒட்டுண்ணி. குருட்டுக்குடலைத் தாக்குவது ஐமீரியா டெனெல்லா. எச்சத்தோடு வெளியே வரும் ஊசிஸ்ட், அதாவது அதன் முட்டை மாதிரியான உருவம், வந்த உடனே தொற்றாது. ஈரம், சூடு, காற்று மூன்றும் கிடைத்தால் ஒன்று இரண்டு நாளில் உள்ளுக்குள் பிரிந்து எட்டுக் கிருமியாக முற்றும். நம்முடைய வெக்கைக்கும் நனைந்த உமிக்கும் இரண்டு நாளே அதிகம். முற்றியதைக் குஞ்சு கொத்தி விழுங்கினால், குடல் சுவருக்குள் பெருகி, ஐந்தாம் நாளளவில் சுவரை உடைத்துக்கொண்டு இரத்தம் வரும். இரண்டும் ஐந்தும் ஏழு. ஆக நான் ஞாயிறு பார்த்த இரத்தம் அதற்கு முந்தைய ஞாயிறு மழையின் இரத்தம். வெள்ளிக்கிழமைத் தீன் மூட்டைக்குச் சம்பந்தமே இல்லை. கடைக்காரரிடம் பிறகு போய் மன்னிப்புக் கேட்டேன்.

மருந்து அம்ப்ரோலியம். எங்களுக்குக் கிடைத்தது 20 சதவீதத் தூள். லீட்டருக்கு 1.2 கிராம் வீதம் 5 நாள், அதற்குப் பிறகு லீட்டருக்கு 0.3 கிராம் வீதம் ஒரு கிழமை. என் குஞ்சுகள் நாளுக்கு 18 லீட்டரளவு குடித்தன, ஆகவே காலையில் 22 கிராம் அளவில் நிறுத்துக் கரைத்தேன். வேறு தண்ணீர் எதுவும் கொட்டிலில் இருக்கக் கூடாது. தீனில் கலக்காமல் தண்ணீரில் கொடுப்பதற்குக் காரணம், நோயான குஞ்சு தீன் எடுக்காது, தண்ணீர் மட்டும் குடிக்கும்.

இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். அம்ப்ரோலியம் என்பது பி1 விட்டமின் போல வேஷம் போட்டு ஒட்டுண்ணியைப் பட்டினி போடும் மருந்து. அதே தண்ணீரில் பி விட்டமினையும் கரைத்தால் ஒட்டுண்ணிக்கு நீங்களே சாப்பாடு போடுகிறீர்கள். பி விட்டமின் மருந்து முடிந்த பிறகுதான். ஒக்ஸிடெட்ராசைக்கிளின் இந்த ஒட்டுண்ணியை ஒன்றும் செய்யாது. மருந்து தொடங்கியும் இரண்டு நாள் சாவு நிற்கவில்லை, ஏனென்றால் ஏற்கெனவே குடல் கிழிந்த குஞ்சை எந்த மருந்தும் தைக்காது. மொத்தம் 31 போனது.

கனடாவில் இருக்கும் மச்சான் இதற்குள் பப்பாசி இலை, மஞ்சள், சின்ன வெங்காயம் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருந்தார். ஊரில் காணியைப் பார்ப்பது நான், வேலி அடைப்பது நான், வரி கட்டுவது நான். அவருக்குக் கிழமைக்கு ஒரு படம் அனுப்பாவிட்டால் கோபம் வரும். சரி, அதை விடுவோம்.

உங்களுக்கு ஏன் பத்து நாளில் திரும்ப வருகிறது? எனக்கும் வந்தது, மருந்து முடிந்த கையோடு. மருந்து குஞ்சின் குடலுக்குள் மட்டும்தான் வேலை செய்யும். நான் புது உமியால் மூடிய ஈர உமி அடியில் அப்படியே கிடந்தது. குஞ்சு கால் நகத்தால் கிளறி அதை மேலே கொண்டுவந்துவிட்டது. ஒரு ஊசிஸ்ட் விழுங்கினால் பல்லாயிரம் வெளியே வரும் என்பதையும் யோசியுங்கள். இரண்டாம் முறை 6தான் செத்தது, மற்றவற்றுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி வந்திருந்தது.

பிறகுதான் ஒழுங்காக வேலை செய்தேன். கட்டிபட்ட உமி முழுவதையும் மண்வெட்டியால் வெட்டியெடுத்து, கொட்டிலுக்கு வெகு தூரத்தில் குவித்துப் படங்கால் மூடினேன். குவியலுக்குள் எழும் சூடும் அமோனியாவும் ஊசிஸ்ட்டைக் கொல்லும். ப்ளீச்சிங் தூள், டெட்டோல் எல்லாம் அதன் ஓட்டைத் துளைக்காது, உமியை இன்னும் ஈரமாக்குவதுதான் மிச்சம். தண்ணீர்ப் பாத்திரத்தின் விளிம்பு குஞ்சின் முதுகு மட்டத்துக்கு வரும்படி கிழமைக்கு ஒருமுறை உயர்த்தினேன். அடியில் கம்பிவலை அடித்த பலகைச் சட்டம் வைத்தேன், சிந்தும் தண்ணீர் கால் படாத இடத்தில் விழும். படங்கை மேலிருந்து கீழ்வரை இழுத்துக் கட்டுவதையும் விட்டேன். மழை வரும் பக்கம் மட்டும், மேலே ஒரு முழம் திறந்தபடி.

தினமும் காலையில் பாத்திரத்தடியிலிருந்து ஒரு பிடி உமி எடுத்து இறுக்கிப் பொத்திப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் நல்லது. உருண்டையாகவே நின்றால் அந்த இடத்தை அன்றைக்கே வெட்டியெடுங்கள், பின்னேரம் பார்ப்போம் என்று விடாதீர்கள்.

ஊசிஸ்ட்டை முழுக்க ஒழிக்கச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நிலத்தில் வளரும் கோழிக்கு அது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனால்தான் எதிர்ப்புச் சக்தி வரும், ஒரேயடியாகப் போனால்தான் இரத்தம்.

உங்கள் மருந்துப் பையில் என்ன மருந்து, எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறதைப் பார்த்துக் கீழே எழுதுங்கள். குஞ்சுகள் நாளுக்கு எத்தனை லீட்டர் குடிக்கிறது என்பதையும் சேர்த்து எழுதினால் அளவைக் கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.