தலைக்கு 600 ரூபாய், ஆனால் கையில் ஒன்றும் நிற்கவில்லையே?

கேள்வி: சேலத்தில் குழந்தைகள் ப்ளே ஏரியா நடத்துகிறேன். 1,800 சதுர அடி, ஒட்டினாற்போல் சின்ன பார்ட்டி ஹால். தனியாக விளையாட வரும் குழந்தைக்கு 250 ரூபாய் நுழைவு. பிறந்தநாள் பார்ட்டி என்றால் அரங்கம் முழுவதையும் அவர்களுக்கே விட்டுவிடுவோம். ஒரு குழந்தைக்கு 600 ரூபாய், 3 மணி நேரம், எல்லோருக்கும் சாப்பாடு உட்பட. போன ஞாயிறு மாலை 18 குழந்தைகளும் 30 பெரியவர்களும் வந்தார்கள். சமையல்காரருக்குக் குழந்தைத் தட்டு 120, பெரியவர் தட்டு 150 கொடுத்தேன். மிஞ்சியது சொற்பம். தலைக்கு வாங்குவதா, மணிக்கு வாங்குவதா, சாப்பாட்டைத் தனியாகப் போடுவதா?
- ஒரு வாசகி, சேலம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

மூன்றையும் தனித்தனியாகப் போடுங்கள். நேரத்துக்கு ஒரு விலை, குழந்தைகளின் எண்ணிக்கைக்கு ஒரு விலை, தட்டுக்கு ஒரு விலை. உங்கள் செலவுகள் மூன்று விதமாக ஏறுகின்றன. விலை மட்டும் குழந்தையின் தலையை நம்பி நிற்கிறது. பணம் ஒழுகிப்போவது அங்கேதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையையே எடுத்துக்கொள்வோம். வரவு 10,800. சாப்பாட்டுக்கு 6,660 போய்விட்டது. பலூன் அலங்காரம் 1,500, கூடுதலாக நின்ற இரண்டு ஆட்களுக்கு 800, காலுறை 18 ஜோடிக்கு 450 என்று வைத்தால் மீதி 1,390. இதுவே லாபம் என்று நினைத்துவிடாதீர்கள். பார்ட்டிக்காகக் கதவைச் சாத்திய அந்த 3 மணி நேரத்தில், தனியாக விளையாட வந்திருக்கும் குழந்தைகளின் நுழைவுப் பணம் வராமல் போயிற்று. கடந்த நாலைந்து ஞாயிறுகளின் பில் புத்தகத்தைப் புரட்டி, அதே நேரத்தில் எத்தனை குழந்தைகள் வந்தார்கள் என்று எண்ணுங்கள். 30 பேர் என்று வைத்துக்கொண்டால் 7,500 ரூபாய். ஆக, அன்றைக்குப் பார்ட்டியே நடக்காமல் இருந்திருந்தால் உங்களுக்கு 6,110 ரூபாய் அதிகம் கிடைத்திருக்கும்.

அந்த 7,500-தான் உங்கள் ஞாயிறு மாலையின் அடக்க விலை. 8 குழந்தை வந்தாலும் 28 குழந்தை வந்தாலும் அது மாறாது. அதனால் அதைத் தலைக்குப் பிரித்து வாங்கக் கூடாது, மொத்தமாக வாங்க வேண்டும். அடிப்படைக் கட்டணம் என்று ஒன்று வையுங்கள். 15 குழந்தைகள் வரை, ஹால், சாதாரண அலங்காரம், காலுறை எல்லாம் அதற்குள் அடக்கம், சாப்பாடு மட்டும் வெளியே. 7,500-உடன் அலங்காரம் 1,500, ஆட்கள் 800, காலுறை 375 சேர்த்தால் 10,175 வருகிறது. இதன் மேல் உங்கள் லாபத்தை வைத்து 12,500 என்று நிர்ணயிக்கலாம். 10 குழந்தைதான் வந்தார்கள் என்றாலும் 12,500-தான். இதைப் பேசும்போதே சொல்லிவிட வேண்டும், பில் போடும்போது சொன்னால் சண்டைதான் மிஞ்சும்.

அடுத்தது நேரம். 3 மணி நேரத்தை 2 மணி நேரமாகக் குறையுங்கள். 2 மணி நேரப் பார்ட்டி உங்கள் இடத்தை உண்மையில் 3 மணி நேரம் பிடித்துக்கொள்ளும். முன்னால் அரை மணி பலூன் கட்ட, பின்னால் அரை மணி தரை துடைக்கவும் பந்துக் குளத்திலிருந்து கேக் துணுக்கும் ஒற்றைக் காலுறையும் பொறுக்கவும். மேலே போட்ட 7,500 அந்த முழு 3 மணி நேரத்துக்கும் சேர்த்துத்தான். நீங்கள் 3 மணி நேரம் விற்றால் அது 4 மணி நேரமாகி, ஞாயிறு மாலையில் ஒரே பார்ட்டியோடு முடிந்துவிடும். 2 மணி நேரம் என்றால் 3:30 முதல் 5:30 வரை ஒன்று, 6:30 முதல் 8:30 வரை இன்னொன்று என்று இரண்டு பார்ட்டி எடுக்கலாம். குழந்தைகளுக்கும் அது போதும். முதல் ஒன்றேகால் மணி நேரம் விளையாட்டு, பிறகு கேக், அப்புறம் சாப்பாடு. இந்த வரிசையை மாற்ற யார் கேட்டாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு டிராம்போலினில் குதிக்கிற குழந்தை வாந்தி எடுக்கும், அதைச் சுத்தம் செய்யும் வரை அந்தப் பகுதியை மூடித்தான் வைக்க வேண்டும்.

நேரம் நீள்வது எப்போதும் கேக்கில்தான். 3:30 என்று அழைத்திருப்பார்கள், பாதிப் பேர் 4:15-க்கு வருவார்கள், தாய்மாமன் வண்டியை நிறுத்திக்கொண்டிருக்கிறார் என்று மெழுகுவத்தி ஏற்றாமல் காத்திருப்பார்கள். கடிகாரம் பதிவு செய்த நேரத்திலிருந்து ஓடும் என்பதை முதலிலேயே எழுதிக் கொடுங்கள். கேக் வெட்ட வேண்டிய நேரத்தையும் அதே தாளில் குறியுங்கள். அந்த நேரத்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் உங்கள் ஆள் ஒருவர் குழந்தையின் அம்மாவிடம் போய் நினைவுபடுத்தட்டும். கூடுதல் அரை மணிக்கு 2,000 ரூபாய் என்று வைக்கலாம். உங்கள் கணக்கில் ஞாயிறு மாலை ஒரு மணி நேரத்தின் அடக்கமே 2,500, அதோடு ஆட்களும் நிற்க வேண்டும் அல்லவா? அடுத்த பார்ட்டி காத்திருக்கிறது என்றால் எவ்வளவு கொடுத்தாலும் கூடுதல் நேரம் கிடையாது.

இனி எண்ணிக்கை. பதினைந்துக்கு மேல் வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் 300 ரூபாய். இங்கே சிக்கல் விலையில் இல்லை, எண்ணுவதில் இருக்கிறது. அழைத்தது வகுப்புத் தோழனை, கூடவே அவன் அக்காவும் பக்கத்து வீட்டுப் பையனும் வருவார்கள். "இவன் விளையாட மாட்டான், சும்மா உட்கார்ந்திருப்பான்" என்று வாசலில் சொல்வார்கள். இரண்டாவது நிமிடம் அவன் சறுக்குமரத்தின் உச்சியில் நிற்பான். வாசலில் நின்று வாக்குவாதம் செய்யாதீர்கள், காலுறையை வைத்து எண்ணுங்கள். காலுறை போடாமல் யாரும் மெத்தை மேல் ஏறக் கூடாது என்பது விதி. எத்தனை ஜோடி கொடுத்தீர்களோ அத்தனை குழந்தைகள். எண்ணி வைத்த கட்டு, மிச்சம் எவ்வளவு என்று பார்ட்டி கொடுப்பவரின் கண் முன்னாலேயே காட்டிவிடலாம். நடக்கத் தொடங்காத கைக்குழந்தைக்குக் கட்டணம் வேண்டாம்.

எண்ணிக்கைக்கு உச்சவரம்பும் வேண்டும். உங்கள் ஆட்கள் கண்காணிக்கக்கூடிய அளவு, டிராம்போலின் தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்திருக்கும் அளவு, இரண்டில் எது குறைவோ அதுதான் வரம்பு. அதற்கு மேல் பணம் தருகிறேன் என்றாலும் மறுத்துவிடுங்கள். பெரிய பிள்ளைகள் சின்னக் குழந்தைகள் மேல் விழுவது கூட்டம் கூடும்போதுதான்.

சாப்பாட்டில்தான் போன ஞாயிறு உங்களுக்கு அடி விழுந்தது. பெரியவர்களிடம் நீங்கள் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை, அவர்கள் சாப்பிட்டது மட்டும் 4,500. நம் ஊரில் பிறந்தநாள் என்றால் அப்பா அம்மாவோடு தாத்தா, பாட்டி, சித்தி எல்லோரும் வருவார்கள். அது நல்ல விஷயம், அதைக் குறைக்கப் பார்க்க வேண்டாம். பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, தட்டுக்கு மட்டும் பணம் என்று வையுங்கள். கல்யாண வீட்டில் இலைக் கணக்கு பார்ப்பதில்லையா, அதே முறைதான். தட்டுகளை எண்ணி அடுக்கி வைத்து, முடிவில் மிச்சத்தை எண்ணுங்கள். எத்தனை தட்டு என்பதை இரண்டு நாள் முன்பே உறுதி செய்யச் சொல்லுங்கள். குறைவாக வந்தாலும் சொன்ன எண்ணிக்கைக்குப் பணம், கூடுதலாக வந்தால் கூடிய தட்டுக்கும் பணம். சமையல்காரரிடம் சொன்னதற்கு மேல் ஐந்தாறு தட்டுக்குத் தாங்குகிற மாதிரி செய்யச் சொல்லி வைத்தால் போதும்.

குழந்தைத் தட்டு 150, பெரியவர் தட்டு 190 என்று வைக்கலாம். சாப்பாட்டில் இதைவிடப் பெரிய லாபம் பார்க்க வேண்டாம், ஏனென்றால் வாடிக்கையாளர் எளிதாக ஒப்பிட்டுப் பார்ப்பது தட்டு விலையைத்தான். குழந்தைத் தட்டைச் சின்னதாகவே வையுங்கள். விளையாடிக் களைத்த குழந்தை ஒரு கட்லெட், கொஞ்சம் ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ், ஒரு ஜூஸ், அதோடு கேக், அவ்வளவுதான் சாப்பிடும். பிரியாணி வைத்தால் பாதி குப்பைக்குப் போகும். பெரியவர்களுக்குச் சப்பாத்தி குருமா, ஒரு சாதம், தயிர் சாதம் என்று வயிறு நிறையும்படி கொடுங்கள். கேக்கை அவர்களே கொண்டு வரட்டும், வேறு வெளிச் சாப்பாடு வேண்டாம்.

இப்போது அதே பார்ட்டியைப் புது விலையில் போட்டுப் பார்ப்போம். அடிப்படை 12,500, கூடுதல் 3 குழந்தைக்கு 900, குழந்தைத் தட்டு 18-க்கு 2,700, பெரியவர் தட்டு 30-க்கு 5,700. மொத்தம் 21,800. செலவு முன்போலவே 9,410. மீதி 12,390-இல் அந்த 7,500-ஐக் கழித்தால் 4,890. இதுதான் உண்மையான லாபம்.

விலை இரட்டிப்பாகிவிட்டதே, யார் வருவார்கள் என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. ஞாயிறு மாலையில் சிலர் வர மாட்டார்கள், அதனால் உங்களுக்கு நட்டமில்லை, அந்த நேரத்தில் உங்கள் அரங்கம் எப்படியும் நிறைகிறது. அவர்களுக்கு வேறு நாளைக் காட்டுங்கள். புதன்கிழமை மாலை அதே நேரத்தில் எட்டுக் குழந்தைதான் வருகிறார்கள் என்றால் கதவைச் சாத்துவதன் இழப்பு 2,000-தான். அலங்காரம், ஆட்கள், காலுறை சேர்த்தாலும் 4,675. அடிப்படைக் கட்டணத்தை 6,500-ஆகத் தாராளமாகக் குறைக்கலாம், தட்டு விலை மாறாது. ஒரே குடும்பத்துக்கு 6,000 ரூபாய் வித்தியாசம் என்றால் பலர் புதன்கிழமைக்குச் சம்மதிப்பார்கள். சிறிய பார்ட்டிக்கு அரங்கத்தை மூடாமல், ஹாலை மட்டும் கொடுத்து மற்றக் குழந்தைகளோடு விளையாட விடுவதும் ஒரு வழி. அப்போது நுழைவுப் பணம் இழப்பதில்லை என்பதால் விலையும் இறங்கும்.

ஜிஎஸ்டி பதிவு இருந்தால் விலைத்தாளை அச்சடிக்கும் முன் உங்கள் ஆடிட்டரிடம் காட்டுங்கள். நுழைவுக்கும் உணவுக்கும் வரி விகிதம் வேறு வேறு. இரண்டையும் சேர்த்து ஒரே விலையாக விற்றால் கூடிய விகிதம் மொத்தத்துக்கும் விழ வாய்ப்பு உண்டு.

பணம் வாங்கும் நேரமும் முக்கியம். பதிவு செய்யும்போது அடிப்படைக் கட்டணத்தில் பாதி, தட்டு எண்ணிக்கையை உறுதி செய்யும் அன்று மற்றதெல்லாம். பார்ட்டி முடியும்போது கூடுதல் காலுறை, கூடுதல் தட்டு, கூடுதல் நேரம் ஆகியவற்றுக்கு மட்டும் ஒரு சின்ன பில் மிஞ்ச வேண்டும். தூங்கிப்போன குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, பரிசுப் பொருள் மூட்டையோடு நிற்பவரிடம் பெரிய தொகையைக் கேட்டால் பேரம்தான் தொடங்கும்.

600 ரூபாய்க்கு ஏற்கெனவே முன்பணம் வாங்கிய பார்ட்டிகளைப் பழைய விலைக்கே நடத்திக் கொடுங்கள். அவர்களை இன்றே அழைத்து, பெரியவர்கள் எத்தனை பேர் வருகிறார்கள் என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முப்பது என்று சொன்னால், ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர் வரை உங்கள் பொறுப்பு, மிச்சத் தட்டுகளை அடக்க விலைக்கே தருகிறேன் என்று பேசிப் பாருங்கள்.