கணக்கில் இலாபம், பெட்டியில் காசில்லை: களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு பேக்கரிக் கேள்வி

கேள்வி: களுவாஞ்சிக்குடியில் சிறிய பேக்கரி வைத்திருக்கிறேன். மாதம் 26 நாள் வேலை, நாளுக்கு 300 இறாத்தல் பாண். ஒன்று 120 ரூபா. எல்லாவற்றையும் மச்சான்தான் (மனைவியின் தம்பி) தன் ஆட்டோவில் கொண்டுபோய் விற்கிறார். வண்டியில் ஏற்றும் ஒவ்வொரு பாணுக்கும் 10 ரூபா கொடுக்கிறேன். மிஞ்சியது திரும்பி வரும், கோழிக்குப் போடுவோம். என் கணக்கில் 5,938 பாண் விற்றால் செலவு கட்டிவிடும், நான் 7,800 விற்கிறேன். பிறகு ஏன் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் இல்லை? மச்சான் இரண்டாவது ஆட்டோ ஒன்றை என் பெயரில் லீசிங்கில் எடுக்கச் சொல்கிறார். தவணை 28,000. எடுக்கலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய சொல் ‘ஏற்றும்’ என்பதுதான். லீசிங்கைக் கடைசியில் பார்ப்போம்.

முதலில் உங்கள் கொப்பிக் கணக்கு. வாடகை 25,000, இரண்டு பேருக்குச் சம்பளம் 80,000, விறகும் கரண்டும் 51,400, வங்கிக் கடன் தவணை 33,600. மொத்தம் 190,000 ரூபாவையும் நிலையான செலவு என்று எழுதியிருக்கிறீர்கள். தவணையில் கடனின் முதல் தொகை கழிவது கணக்கியலில் செலவாகாது. ஆனால் அந்தக் காசும் பாண் விற்றுத்தான் வர வேண்டும், அதனால் சேர்த்தது சரிதான். மா, ஈஸ்ட், மாஜரீன், சீனி, பை, மச்சானின் 10 ரூபா எல்லாம் சேர்ந்து ஒரு பாணுக்கு 88. மிச்சம் 32. 190,000 ரூபாவை 32ஆல் பிரித்தால் 5,938.

இதில் விறகும் கரண்டும் முழுக்க நிலையான செலவு இல்லை. விடியப்புறம் போறணையைச் சூடாக்க ஒரு கட்டு விறகு எப்படியும் எரியும், பாண் 100 என்றாலும் 300 என்றாலும். அதற்கு மேல் எரிவதுதான் பாணின் எண்ணிக்கையோடு கூடும், குறையும். பிரித்துப் பார்க்க, நிறையச் சுட்ட ஒரு மாதத்தையும் குறைவாகச் சுட்ட ஒரு மாதத்தையும் எடுங்கள். இரண்டிலும் விறகு விலையும் கரண்ட் கட்டண வீதமும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு பிழைக்கும். உங்கள் கொப்பியில் 7,800 பாண் சுட்ட மாதம் 51,400, மழை மாதத்தில் 5,000 சுட்டபோது 43,000. வித்தியாசம் 2,800 பாணுக்கு 8,400 ரூபா. அதாவது பாணுக்கு 3 ரூபா மாறும் செலவு, 28,000 ரூபா நிலையான செலவு.

சரி, திருத்துவோம். நிலையான செலவு 166,600. ஒரு பாணின் மாறும் செலவு 91, மிச்சம் 29. நட்டமில்லாத அளவு 5,745. பார்த்தீர்களா, நிலைமை கொஞ்சம் நல்லதாகத்தான் தெரிகிறது. 7,800க்கும் அதற்கும் இடையில் 2,055 பாண் இருக்கிறது, 26 வீதம். இந்த இடைவெளிதான் பாதுகாப்பு எல்லை. மாதம் 59,600 ரூபா மிஞ்சியிருக்க வேண்டும். ஆகவே காசு விறகில் போகவில்லை.

கோழிக்குத்தான் போகிறது. உங்கள் 7,800 என்பது சுட்ட பாண், விற்ற பாண் இல்லை. கொப்பியின் பின்பக்கத்தில் உங்கள் மனைவி குறித்து வைத்திருக்கும் திரும்பிய பாண் நாளுக்கு 20 அளவில் வருகிறது. 300இல் 20 பெரிதா என்று தோன்றும். ஆனால் திரும்பிய பாணில் நீங்கள் இழப்பது 29 ரூபா இல்லை. மா, விறகு, பை, ஏற்றியதற்கான 10 ரூபா எல்லாம் ஏற்கெனவே போய்விட்டது, வரவேண்டிய 120 வரவில்லை. 280 பாண் விற்ற காசு 33,600, 300 சுட்ட செலவு 27,300. நாளுக்கு மிச்சம் 6,300, மாதம் 163,800. நிலையான செலவோ 166,600. மாதம் 2,800 ரூபா துண்டு விழுகிறது. இப்படியே போனால் 7,934 பாண் சுட்டால்தான் செலவு கட்டும். நீங்கள் சுடுவது 7,800. 26 வீதம் என்று நினைத்த பாதுகாப்பு எல்லை பூச்சியத்துக்கும் கீழே இருக்கிறது.

உங்கள் மச்சான் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஏற்றினாலே 10 ரூபா என்றால் யார்தான் குறைத்து ஏற்றுவார்? பாண் திரும்புவதால் அவருக்கு ஒரு சதமும் நட்டமில்லை. எந்தத் தெருவில் எத்தனை போகும் என்று யோசிக்க அவருக்குத் தேவையே வரவில்லை.

மாற்ற வேண்டியது அந்தப் பேச்சு ஒன்றைத்தான். ஏற்றிய பாணுக்கு 10 ரூபா வேண்டாம், விற்ற பாணுக்கு 11 ரூபா கொடுங்கள். இப்போது அவருக்குக் கிடைப்பது நாளுக்கு 3,000. 280 விற்றால் 3,080 கிடைக்கும், அவருக்குக் குறைவில்லை. மனைவி வீட்டோடு இருந்துகொண்டு மச்சானிடம் கணக்குக் கேட்பது நம் பக்கத்தில் எவ்வளவு சங்கடம் என்று எனக்குத் தெரியும். அதனால் ‘உனக்குக் கூட்டித் தருகிறேன்’ என்றே பேச்சைத் தொடங்குங்கள், அது பொய்யும் இல்லை. இரவு வண்டி வந்ததும் கண்ணாடிப் பெட்டியை இரண்டு பேரும் சேர்ந்து திறந்து எண்ணுங்கள். ஏற்றியது, திரும்பியது, காசு என்று மூன்று வரிசை போதும். அந்தக் கொப்பி மச்சானின் கையெழுத்திலேயே இருக்கட்டும்.

நாளுக்கு 285 சுட்டு 280 விற்கிறீர்கள் என்று வைப்போம். விற்ற காசு 33,600. மச்சானின் பங்கைத் தவிர்த்து ஒரு பாணுக்கு 81 ரூபாப்படி 23,085, மச்சானுக்கு 3,080. மிச்சம் 7,435. மாதத்துக்கு 193,310, நிலையான செலவு போக 26,710 கையில். இதில் உங்கள் உழைப்புக்கும் மனைவியின் உழைப்புக்கும் கூலி எழுதப்படவில்லை, அது இந்த 26,710க்குள்தான் வர வேண்டும். விற்ற ஒரு பாணுக்கு மிச்சம் ஏறக்குறைய 26.55. ஆகவே நட்டமில்லாத அளவு மாதம் 6,275, நாளுக்கு 241. விற்பது 280. இடையில் இருக்கும் 39 பாண்தான் உங்கள் உண்மையான பாதுகாப்பு எல்லை, கிட்டத்தட்ட 14 வீதம்.

39 பாண் சின்ன எண்ணிக்கை. மார்கழி மழையில் வெள்ளம் வந்து தெரு மறிபட்டால் ஒரே வாரத்தில் அது போய்விடும். 5,000 சுடும் மாதத்தில், திரும்புவது இதே அளவில் குறைவாக இருந்தாலும், 36,000 ரூபா அளவில் கைக்காசு போட வேண்டிவரும். நல்ல மாதத்தில் மிஞ்சுவதில் ஒரு பங்கை இதற்கென்று வைக்காவிட்டால், அந்தக் காசுக்கும் கடன் வாங்குவீர்கள்.

இப்போது லீசிங். கல்முனை வரைக்கும் போனால் வழியெல்லாம் லீசிங் பலகைதான், கேட்டால் ‘ஒரு கையெழுத்துத்தான்’ என்பார்கள். அந்தக் கையெழுத்து மழை மாதத்திலும் 28,000 கேட்கும். நிலையான செலவு 194,600 ஆகும், அதைக் கட்ட 7,330 பாண் விற்க வேண்டும். திருத்திய பிறகும் நீங்கள் விற்பது 7,280. புதிய வண்டி நாளுக்கு 41 பாண் கூடுதலாக விற்றால்தான் தன் தவணையை மட்டும் கட்டும். அதுவும் திரும்பும் பாண் கூடாமல் இருந்தால்தான். கூடச் சுட இரண்டாவது முறை போறணையைச் சூடாக்க வேண்டுமென்றால் நிலையான விறகுச் செலவும் ஏறும், மேலே போட்ட கணக்கு அப்போது செல்லாது.

இருக்கிற வண்டியிலேயே பாண் மிஞ்சித் திரும்புகிறது. அப்படியிருக்க இன்னொரு வண்டி எதை விற்கும்? இந்த வருடம் கையெழுத்து வைக்காதீர்கள். மச்சான் தன் பெயரில் எடுக்க விரும்பினால் எடுக்கட்டும், பிணையாளியாகக்கூட நிற்காதீர்கள். வண்டி ஏதாவதொரு புதிய ஊருக்குப் போகத்தான் வேண்டுமென்றால், இப்போதுள்ள ஆட்டோவிலேயே கிழமையில் இரண்டு நாள் பெரியபோரதீவுப் பக்கம் 30 பாண் அனுப்பிப் பாருங்கள். அடுத்த தை மாதம் அந்த மூன்று வரிசைக் கொப்பியை எனக்கு அனுப்புங்கள். திரும்பிய வரிசையில் நாளுக்கு 5க்கு மேல் நிற்காமல் இருந்தால் வண்டியைப் பற்றி மறுபடி பேசலாம்.