ஜப்பானிய மொழியில் ஆங்கிலத்தின் ஹூ, விச் மாதிரி இணைப்புச் சொல்லே இல்லையாமே? நீளமான வாக்கியங்களை எப்படிப் புரிந்துகொள்வது?

நீங்கள் ஏதோ ஒரு கோச்சிங் வகுப்பில் ஜப்பானிய மொழித் தேர்வின் என்5 நிலையை முடித்து என்4 தொடங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பலகையில் ஆங்கில வாக்கியத்தை எழுதி, அம்புக்குறி போட்டு, பின்னால் இருப்பதை முன்னால் கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருப்பார்கள். தமிழ் தெரிந்தவருக்கு அந்தச் சுற்றுவழியே வேண்டாம். 'கினோ கத்தா ஹொன்' என்றால் 'நேற்று வாங்கிய புத்தகம்'. சொல்லுக்குச் சொல் அதே வரிசை. பள்ளியில் பெயரெச்சம் என்று படித்தோமே, அதுதான்.

தமிழும் ஜப்பானியமும் சொந்தம் என்று நான் சொல்லவில்லை. அப்படி வாதிட்ட ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோவின் பெயரோடு யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கொரிய மொழியிலும் துருக்கியிலும் இதே மாதிரி வினை பெயருக்கு முன்னால்தான் வரும்.

நான் ஜப்பானிய வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல்களை மொழிபெயர்க்கும் வேலையில் இருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் ஒரு வரியில் மாட்டிக்கொண்டான்: 'சென்ஷூ ஒஒகுரி ஷிதா ஸுமென் ஓ ககுனின் ஷிதா தந்தோஷா வா க்யோ யசுமி தெஸ்.' அனுப்பியது யார், சரிபார்த்தது யார், விடுப்பில் இருப்பது யார் என்று ஆங்கிலத்தில் கட்டிப் பார்த்துக் குழம்பிவிட்டான். இடமிருந்து வலமாகத் தமிழில் சொல்லச் சொன்னேன். 'போன வாரம் அனுப்பிய வரைபடத்தைச் சரிபார்த்த பொறுப்பாளர் இன்று விடுப்பு.' சொன்ன வேகத்தில் முடிந்தது. அனுப்பியது யார் என்பதற்கும் விடை உள்ளேயே இருக்கிறது. 'ஒஒகுரி ஷிதா' தன்னைத் தாழ்த்திச் சொல்லும் வடிவம், அதனால் அனுப்பியது எழுதியவர் தரப்பு. நாம் அனுப்பியிருந்தால் 'ஒஒகுரி இததாய்தா' என்று வந்திருக்கும்.

அந்தத் தம்பி தமிழ் வழியில் படித்தவன். இதற்கு முன் வேறொரு கம்பெனியில் ஜப்பானியத் தேர்வில் தேறியும், ஆங்கிலத்தில் சரளமாகப் பேசவில்லை என்று கடைசிச் சுற்றில் அனுப்பிவிட்டார்கள். வேலையோ ஜப்பான்காரர்களோடு! கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் நினைத்தாலே வயிறு எரிகிறது.

சரி, தமிழ் கைகொடுக்காத இடத்துக்கு வருகிறேன். 'வாங்கிய' என்று கேட்டதுமே பின்னால் ஒரு பெயர் வரப்போகிறது என்று நமக்குத் தெரிந்துவிடும், ஏனென்றால் வாக்கியத்தை முடிக்க 'வாங்கினேன்' என்று வேறு வடிவம் இருக்கிறது. ஜப்பானியத்தில் 'கத்தா' இரண்டுக்கும் ஒன்றுதான். பழைய ஜப்பானியத்தில் பல வினைகளுக்கு இவை தனித்தனி வடிவங்களாக இருந்து பிற்காலத்தில் ஒன்றாகிவிட்டன. 'ஷிஸுகா தா' (அமைதியாக இருக்கிறது), 'ஷிஸுகா நா ஹெயா' (அமைதியான அறை) போன்ற இடங்களில்தான் அந்த வேறுபாடு இன்னும் தெரிகிறது. ஆகவே, சாதாரண வடிவ வினையை அடுத்து ஒட்டினாற்போல் ஒரு பெயர் நின்றால் அது பெயரெச்சம். பெயருக்கு முன்னால் 'கைமாஷிதா' என்ற மரியாதை வடிவம் வராது. மிகவும் பணிவான அலுவலகக் கடிதத்தில் வருமே என்று கேட்பீர்கள், வரும். நீங்கள் எழுதும்போது வேண்டாம்.

அதைவிட முக்கியமானது பெயருக்குப் பின்னால் ஒட்டும் 'வா', 'கா'. 'ஹஹா கா கத்தா கஸா ஓ நகுஷிதா' என்றால் அம்மா வாங்கிய குடையை நான் தொலைத்துவிட்டேன். 'கா'வை எடுத்துவிட்டு 'வா' போட்டால், குடையைத் தொலைத்தவரே அம்மா. இப்படிக் குறிப்பிட்ட ஒரு பெயரைச் சொல்லும் எச்சத்துக்குள் எழுவாய்க்கு 'வா' பொதுவாக வராது, அது எச்சத்தைத் தாண்டி வாக்கியத்தின் கடைசி வினையோடு போய்ச் சேரும். நீளமான வாக்கியத்தில் முதலில் 'வா' எங்கே என்று பார்த்து, அதைக் கடைசி வினையோடு முடிச்சுப் போடுங்கள். நடுவில் மிச்சமிருப்பது பெரும்பாலும் எச்சம்தான். 'கா' இருக்கும் இடத்தில் 'நோ'வும் வரலாம், 'ஹஹா நோ கத்தா கஸா' என்றாலும் அம்மா வாங்கிய குடைதான். ஆனால் எச்சத்துக்குள் 'ஓ' போட்ட செயப்படுபொருள் இருந்தால் 'நோ' ஒட்டாது, 'கா'வே போடுங்கள்.

'சகானா ஓ யகு நியோய்', அதாவது மீன் சுடுகிற வாசனை, மாதிரி வந்தாலும் பயப்பட வேண்டாம். வாசனை மீனைச் சுடவில்லை, சுடப்படவும் இல்லை. ஆங்கில வழியில் யோசிப்பவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள், நமக்கு இது அன்றாடப் பேச்சு. வதந்தி, செய்தி போலச் சொல்லப்படும் விஷயமாக இருந்தால் நடுவில் 'தோ இயு' சேரும்: 'கைஷா கா ட்சுபுரெரு தோ இயு உவசா', கம்பெனி மூழ்கப்போகிறது என்ற வதந்தி. தமிழில் 'என்ற' இல்லாமல் நிற்காத இடத்தில் அங்கேயும் 'தோ இயு' போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சரியாக இருக்கும்.